முதல் நொடிக் காற்று

ஹவுராவில் நான் படுத்த கட்டில் எனக்கு முன்னால் ஒரு பீகார்க்காரருடையது. நான் போய்ச் சேர்ந்த அன்று அவர் இன்னும் அதில்தான் இருந்தார். படுத்திருக்கவில்லை. மடியில் தலையணையை வைத்துக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராதாம். ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக்கிப் பேசினார். சில நாளில் அவருடைய தம்பி வந்து ஊருக்குக் கூட்டிப் போனார். அவருடைய கட்டிலும் வேலையும் எனக்கு வந்தன. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் இறந்த செய்தியும் வந்தது. என்ன நோய் என்று கேட்டதற்கு, பாலு என்றார்கள். வங்காளத்தில் மணலுக்கு அதுதான் பெயர். நாங்கள் வேலை செய்த கொட்டகையில் நோய்க்கும் அதே பெயர்.

வேலை மணலடிப்பது. வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மண்ணையும் செதிலையும் உரிக்க வேண்டும். கம்ப்ரஸர் டேங்கிலிருந்து ஒரு தடித்த ஹோஸ் வரும். அதன் முனையைப் பிடித்துக்கொண்டு மணலைப் பீய்ச்ச வேண்டும். தலைக்கு ஒரு மூடி உண்டு, அதற்குள் நல்ல காற்று வர ஒரு குழாயும் உண்டு. நான் சேர்ந்தபோதே அந்தக் குழாய் கிழிந்து கிடந்தது. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனோம்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, கோவையில் ஃபவுண்டரி, பிறகு புனே, சூரத் என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த ஊரும் எனக்குச் சலித்துவிடும். ஹவுரா சலிக்காததற்குக் காரணம் பக்கத்துக் கட்டில்காரர். கோவில்பட்டிப் பக்கத்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அந்தக் கொட்டகையில் தமிழ் பேச எங்கள் இருவரை விட்டால் ஆள் கிடையாது. அதனால் நாள் முழுக்கப் பேசிய வங்காளமும் இந்தியும் தீர்ந்த பிறகு, சோறு வடிக்கும்போது அண்ணாச்சி ஊர்க்கதை எடுப்பார். பாதி பொய் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருப்பேன்.

மணல் அடிப்பவனின் உடம்பு தானாகவே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். மூச்சை முழுசாக விடக் கூடாது. நெஞ்சு காலியானால் அடுத்த இழுப்பு பெரிதாக வரும், பெரிய இழுப்பில் தூசி அடிவரை போகும். அதனால் உள்ளே எப்போதும் பாதியை நிறுத்தி வைத்துக்கொண்டு, மேலாகக் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் இழுத்துக்கொள்வோம். முதலில் கொட்டகைக்குள் மட்டும் அப்படி. போகப்போக வெளியிலும் அதுவே மூச்சாகிவிடும். லாஞ்சில் ஆற்றைக் கடக்கும்போது, நல்ல காற்று முகத்தில் அடிக்கும்போதுகூட, நான் அப்படித்தான் விட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியாது.

எனக்கு இருமல் வந்தபோது பீடி என்று நினைத்தேன். படித்துறையில் ஏறும்போது மூச்சு முட்டியதும் பீடி பற்றிய நம்பிக்கை போய்விட்டது. அண்ணாச்சிக்கு இருமல் வறட்டு இருமல். சளியே வராது. அவர் பீடி தொட்டவரில்லை. இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. கட்டிலில் கவிழ்ந்து உட்கார நேர்ந்தால் மட்டும் நான் உடனே எழுந்துவிடுவேன். அந்தக் கட்டிலில் முன்பு பீகார்க்காரர் கவிழ்ந்து உட்கார்ந்திருந்த விதம் எனக்கு மறக்கவில்லை.

அடுத்த சந்தில் இருந்த பாடா கிளப்பில், அந்தப் பேட்டைக்காரர்கள் நடத்தும் மன்றத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் போட்டார்கள். பூஜைக்குப் பந்தல் போடும் அதே திடல். ஃபவுண்டரி ஆட்களுக்கு நெஞ்சுப் பரிசோதனை இலவசம் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி வர மறுத்தார். சாப்பிடக் கிச்சுரி, நம் ஊர்ப் பருப்புப் பொங்கல் மாதிரி, போடுகிறார்கள் என்று சொன்ன பிறகு வந்தார்.

மேஜையில் செல்போன் அளவு ஒரு மெஷின். அதில் அட்டைக்குழாய் ஒன்றைச் செருகி வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். அண்ணாச்சி குழாயைப் பல்லால் கடித்துவிட்டுத் தமிழில் ஒரு வார்த்தை சொன்னார். எழுத்தில் போட முடியாத வார்த்தை. மேஜைக்குப் பின்னாலிருந்த டாக்டர் பெண் தலையை நிமிர்த்தாமலே, "அண்ணா, திட்டுறதுக்கு முன்னாடி காத்தை இழுத்துக்கங்க" என்றாள். மதுரைக்காரி. நெஞ்சு நோய்க்கு மேல்படிப்புப் படிக்கக் கல்கத்தா வந்தவள். அண்ணாச்சிக்கு வெட்கம் தாங்கவில்லை. அதன்பிறகு அவள் சொன்னபடியெல்லாம் ஊதினார்.

நானும் ஊதினேன். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எண்களை எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவன் கடைசி எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். எனக்குத் தொண்ணூறு. அண்ணாச்சிக்கு எண்பத்தெட்டு.

"ரெண்டு மார்க்குல என்னைய முந்திட்டியே" என்றார் அண்ணாச்சி. "இருந்தாலும் நான் பாஸு. எம் பொஞ்சாதிக்குப் போன் போட்டுச் சொல்லணும். பள்ளிக்கூடத்துல எனக்கு எம்பதே வந்ததில்ல."

எங்களுக்கு முன்னால் ஊதியிருந்த உலைக்காரர் ஒருவர் ஐம்பத்தொன்பது வாங்கி வெளிறிப்போய் நின்றார். அண்ணாச்சி அவர் தோளைத் தட்டி, வங்காளத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, பரவாயில்லை தாதா, அடுத்த பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல மாதமாகக் கழுத்தில் கிடந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டது போலிருந்தது.

டாக்டர் பெண் சிரிக்கவில்லை. ஐம்பத்தொன்பது வாங்கியவருக்கு மருந்து எழுதிக் கொடுத்து, பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, எங்களை உட்காரச் சொன்னாள்.

இது மார்க் இல்லை என்றாள். நெஞ்சு நிறைய இழுத்துப் பலமாக ஊதினால் மொத்தம் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பது ஒரு கணக்கு. அதில் முதல் ஒரு நொடிக்குள் எவ்வளவு வந்துவிடுகிறது என்பது இன்னொன்று. முதல் நொடிக் காற்று மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதுதான் வட்டம் போட்ட எண். நல்ல நெஞ்சில் எழுபதுக்கு மேல், எண்பதுக்குப் பக்கமாக இருக்கும். மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் காற்று மெதுவாகக் கசிந்துதான் வரும், முதல் நொடியின் பங்கு குறைந்துபோகும். ஆனால் பங்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மொத்தமும் இருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் மொத்தம், இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருந்தது. நெஞ்சே இறுகிச் சின்னதாகிப்போனால், இருக்கிற கொஞ்சக் காற்றும் முதல் நொடியிலேயே வெளியே வந்துவிடும். அப்போது பங்கு மட்டும் உயரமாகத் தெரியும்.

அண்ணாச்சி கையிலிருந்த சீட்டை மடித்தார். "ஒண்ணு ஹோஸ் அடைப்பு, இல்லன்னா டேங்க் சுருங்கிப் போச்சு. அதானம்மா?"

"அதேதான் அண்ணா."

"எங்களுக்கு எது?"

"இது சின்ன மெஷின். எண்ணு மட்டும் சொல்லும், கோடு போட்டுக் காட்டாது. இதை வச்சு முடிவு பண்ண மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வாங்க. பெரிய மெஷின்ல ஊதணும், எக்ஸ்ரேயும் எடுக்கணும்."

"டேங்க்காவே இருந்தா என்னம்மா செய்றது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஹோஸா இருந்தா மருந்து இருக்கு அண்ணா" என்றாள்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. கிளப்பை விட்டு வெளியே வந்தபோது கிச்சுரித் தட்டு கையில் இருந்தது. அண்ணாச்சி தன் தட்டை ஒரு நாய்க்கு வைத்தார்.

ஆஸ்பத்திரியில் அவள் இருக்கும் கிழமைக்காகக் காத்திருந்த அந்தச் சில நாட்களும் நான் கொட்டகைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது. ஹோஸைப் பிடிக்கும்போதெல்லாம் உள்ளே போகிற மணல் திரும்பி வராது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இத்தனை ஊரில் இத்தனை வேலையில் கை கிழிந்திருக்கிறது, கால் வெந்திருக்கிறது. எல்லாம் ஆறிப்போயின. ஆறாத ஒன்று உடம்புக்குள் இருக்கிறதா என்று தெரியாமல் சோறு தின்பது வேறு விஷயம். சலித்தால் கிளம்பிவிடலாம் என்ற என்னுடைய ஒரே சாமர்த்தியமும் அங்கே உதவவில்லை. எந்த ரயிலில் ஏறினாலும் நெஞ்சும் கூடவே வரும்.

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். எக்ஸ்ரே எடுத்த பிறகு ஊதும் அறைக்கு அனுப்பினார்கள். டெக்னீஷியன் நடுவயதுப் பெண். எல்லோரையும் தாதா என்று கூப்பிட்டுக்கொண்டே அதட்டினாள். இங்கே மெஷினோடு ஒரு திரை இருந்தது. ஊதினால் அதில் கோடு ஓடும். மூக்கில் கிளிப்பை மாட்டிக் குழாயை உதட்டால் கவ்வச் சொன்னாள். நான் இழுத்தேன், ஊதினேன், நிறுத்தினேன்.

அவள் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். மறுபடி என்றாள். மறுபடியும் அதே. அவள் எழுந்து என் பக்கம் வந்து, ஏன் பாதியில் வாயை மூடுகிறாய் என்று கேட்டாள். மூடவில்லை, அவ்வளவுதான் காற்று என்றேன். இல்லை என்று திரையைக் காட்டினாள். கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெட்டுப்பட்டு நின்றிருந்தது. காற்று தீர்ந்திருந்தால் கோடு தானாகப் படுத்திருக்கும், இது நீ நிறுத்தியது என்றாள். அடுத்த முறை அவள் என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஒரு நொடி தாண்டியதும் என் விலா எலும்புகள் இறுகி நிற்பதை அவள்தான் முதலில் கண்டாள்.

என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் தெரிந்துவிட்டது.

இங்கே தூசி இல்லை தாதா, எல்லாவற்றையும் விடு என்றாள். சொல்வது சுலபம். மேலே உள்ள பாதியை விட்டதும் நெஞ்சு கதவைச் சாத்திக்கொண்டது. அதைத் தாண்டி விடப் போனபோது எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. கிணற்றுக்குள் தொங்கும்போது கயிற்றுப் பிடியை விட்டுவிடுவது போல. அவள் காதருகில் நின்று, "ஜோரே, ஜோரே" என்று, பலமாக ஊதச் சொல்லிக் கத்தினாள். பிறகு "ஆரோ, ஆரோ, ஆரோ" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னும், இன்னும். கண்ணுக்குள் இருட்டியது. எனக்குள் அவ்வளவு காற்று இருந்தது என்று எனக்கே தெரியாது. அது மெல்லிய நூல் போல வந்துகொண்டே இருந்தது. நெஞ்சில் பூனை கத்துவது போல ஒரு சத்தம். திரையில் கோடு மெதுவாக, மிக மெதுவாக ஏறி, கடைசியில் சாய்ந்து படுத்தது.

முதல் நொடிக் காற்று முன்பு வந்த அதே அளவுதான், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் மட்டும் மூன்றரைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. பங்கு ஐம்பத்தாறு. அதேபோல இன்னும் இரண்டு முறை ஊத வைத்தாள். அதேதான் வந்தது. பிறகு ஒரு நீளமான பிளாஸ்டிக் குடுவை வழியாக மருந்தை இழுக்க வைத்து, கால்மணி நேரம் வெளியே உட்கார வைத்துத் திரும்ப ஊதச் சொன்னாள். அறுபத்துமூன்று. முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் ஏறியிருந்தது.

மதுரை டாக்டர் வந்து பார்த்தாள். டேங்க் அளவு சரியாகத்தான் இருக்கிறது, ஹோஸ்தான் சுருங்கியிருக்கிறது என்றாள். முகாமில் நான் பாதியில் நிறுத்தியதால் மொத்தம் குறைந்து, பங்கு பொய்யாக ஏறியிருந்தது. மணல் தூசியும் குழலைச் சுருக்கும், பீடியும் சுருக்கும், அதனால் மணல் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன் என்றாள். எக்ஸ்ரேயில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. பீடியை விடு, கொட்டகையை விடு, இதைத் தினமும் இழு என்று இன்ஹேலரைப் பற்றிச் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஹோஸ்தான். ஹோஸ்தான்.

அண்ணாச்சி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். எல்லாம் நம் பழக்கத்தால் வந்த வினை அண்ணாச்சி, நிறுத்தாமல் அடிமட்டம் வரை விடுங்கள், எண் தானாக விழும் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "விழணும்ங்குற, என்ன?" என்றார். "சரி, ஃபெயிலாயிட்டு வாரேன்."

என்னை வாசலில் நிற்க அனுமதித்தார்கள். திரை அங்கிருந்து தெரிந்தது.

முதல் முறை அவரும் என்னைப் போலவே நிறுத்தினார். டெக்னீஷியனுக்கு இப்போது காரணம் தெரியும். முதுகில் கையை வைத்தாள். இரண்டாம் முறை அண்ணாச்சி ஊதினார். என்னைவிட நன்றாக ஊதினார். பிடிவாதக்காரர். கோடு சுவர் போல ஒரே வீச்சில் எழும்பியது. எழும்பி, தரை போலப் படுத்துவிட்டது. "ஆரோ, ஆரோ" என்று அவள் சொன்னாள். அவர் விட்டுக்கொண்டுதான் இருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது. வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கினார். கோடு அசையவில்லை. என்னுடையது போல அது ஏறும், இதோ ஏறப்போகிறது என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் ஆரோ சொல்வதன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசி ஆரோவை அவள் சொன்னதாகத் தெரியவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அவரை அதன்பிறகும் ஊத வைத்தாள். ஒவ்வொரு முறையும் சுவர், தரை. முதல் நொடியில் ஒன்றரை லிட்டர். மொத்தம் ஒன்றே முக்கால்கூட இல்லை. எண்பத்தெட்டு. முகாமில் வந்த அதே எண். அந்தச் சின்ன மெஷின் அவர் விஷயத்தில் சரியாகத்தான் சொல்லியிருந்தது. மருந்து இழுத்து, கால்மணி நேரம் கழித்து ஊதியபோதும் அது மாறவில்லை.

"விழலியே தம்பி" என்றார் என்னைப் பார்த்து. மன்னிப்புக் கேட்பது போல.

டாக்டர் அவருடைய எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். மேல்பக்கம் நெஞ்சின் இரண்டு புறமும் வெள்ளைப் புள்ளிகள், அரிசியை இறைத்தது போல. சில இடங்களில் புள்ளிகள் சேர்ந்து கட்டியாக இருந்தன. அவள் மறைக்கவில்லை. ஊதும் மெஷின் நெஞ்சு சுருங்கியிருக்கிறது என்றுதான் சொல்லும், ஏன் என்று சொல்லாது, ஏன் என்பதை இந்தப் படம் சொல்கிறது என்றாள். கொட்டகைக்குள் இனி காலே வைக்கக் கூடாது. சளியில் டி.பி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மணல் ஏறிய நெஞ்சில் அது சீக்கிரம் வந்துவிடும். சுருங்கினதைத் திரும்ப விரிக்க மருந்து இல்லை. அவள் பேசும்போது அண்ணாச்சி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைய விட்டாச்சுன்னா இது இப்படியே நிக்குமாம்மா?"

"சில பேருக்கு நிக்கும் அண்ணா. சில பேருக்கு விட்ட பிறகும் கூடும். உங்களுக்கு எப்படின்னு இப்ப என்னால சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க, திரும்ப ஊதிப் பாப்போம்."

அவர் தலையாட்டினார். ஊரில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள் என்று, யாரும் கேட்காமலே, சொன்னார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கி, பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கிக்கொண்டார். அதுவரை அவர் பேச்சு இரண்டு துண்டாவதை நான் கவனித்ததே இல்லை. இதற்கு முன்னும் அப்படித்தான் இருந்திருக்கும்.

திரும்பும் லாஞ்சில் கூட்டம் இல்லை. பின்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றோம். எனக்கு அவர் பக்கத்தில் நிற்கப் பயமாக இருந்தது. காலையில் இதே லாஞ்சில் இரண்டு பேரும் ஒரே பயத்தோடு வந்தோம். இப்போது என் பயத்தையும் சேர்த்து அவரே சுமக்கிற மாதிரி இருந்தது. என் சட்டைப் பையில் இன்ஹேலர் துருத்திக்கொண்டிருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"மறைக்காத" என்றார். "நீ ஃபெயிலு, நான் பாஸு. அவ்வளவுதான?"

சிரிக்கச் சொல்கிறார் என்று தெரிந்தது. முயற்சி செய்தேன், வரவில்லை.

பிறகு அதை எடு என்றார். எனக்கும் ஒரு இழுப்பு கொடு, பார்க்கலாம் என்றார். டாக்டர் அது அவருக்குப் பயன்படாது என்று சொன்னதை அவரும் கேட்டிருந்தார். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. மூடியைக் கழற்றிக் குலுக்கினேன்.

"முதல்ல உள்ள இருக்கிறத முழுசா விடணும் அண்ணாச்சி. விட்டுட்டுத் தலையாட்டுங்க. நான் அமுக்குறேன், அப்ப இழுங்க."

அவர் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்று மூச்சை விட்டார். நான் குழாயை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதைப் போலவே மனதுக்குள் ஆரோ, ஆரோ என்று சொல்லத் தொடங்கினேன். முதல் ஆரோ முடிவதற்குள் அவர் தலையாட்டிவிட்டார்.